பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் விளம்பரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள அன்பான பெண் தேவை. தங்குமிடம், உணவு இலவசம். தகுந்த சம்பளம். சிறு வீட்டு வேலைகளும் செய்ய வேண்டும்."

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஆள் தேடுவோர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இதைப் பார்த்துப் பலர் அழைப்பார்கள். வந்தவர் இரண்டு வாரத்தில் போய்விடுவார். வேலை என்னவென்று அவருக்கு முன்பே தெரியாததுதான் காரணம்.

முதல் தவறு, நோயாளியின் நிலையைச் சொல்லாமல் விடுவது. "வயதானவர்" என்றால் தானாக நடந்து சாப்பிடுபவரும் உண்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் உண்டு. பார்க்க வருபவருக்கு முக்கியமானது தூக்குவதுதான். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த 60 கிலோ நிறையுள்ள ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, ஒல்லியான ஒரு பெண்ணால் தனியாக முடியாது. கட்டாயப்படுத்தினால் இடுப்புப் பிடிக்கும், இருவரும் சேர்ந்தே விழவும் கூடும். ஆகவே நிறை, நடப்பாரா, பேம்பர்ஸ் போடுகிறாரா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதை எழுதுங்கள். வீடு சரிவில் இருந்தால் ரோட்டிலிருந்து எத்தனை படி என்பதையும் சேர்க்க வேண்டும். கிளினிக் போகும் நாளில் அந்தப் படிகளில் தாங்கிப் பிடித்து இறக்குவது அவர்தானே.

அடுத்தது இரவு. அதிகமாக ஏமாற்றம் வருவது இங்கேதான். "தங்கி வேலை" என்று மட்டும் எழுதினால் பகல் முழுக்க வேலை, இரவில் நிம்மதியான தூக்கம் என்று அவர் நினைப்பார். நீங்களோ இரவு முழுக்க அம்மா கூப்பிட்டால் எழும்ப வேண்டும் என்று நினைப்பீர்கள். இரவில் எத்தனை தடவை எழும்ப நேரும் என்று எண்ணிப் பார்த்து அதையே எழுதுங்கள். ஒன்றிரண்டு தடவை என்றால் ஒருவரே சமாளிப்பார். ஆனால் தானாகப் புரள முடியாதவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வேலையை ஒரே ஆளிடம் பகலும் இரவும் ஒப்படைத்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தவறும். இரவுக்கு வீட்டார் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அல்லது இன்னொருவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

"சிறு வீட்டு வேலை" என்பது மெல்ல மெல்ல முழு வீட்டுக்குமான சமையலாகவும் துவையலாகவும் வளரும். நோயாளியின் சாப்பாடு, அவருடைய துணி, அவருடைய அறை என்று எல்லையை எழுதிவிடுங்கள். மருந்திலும் இப்படியே. வீட்டார் பிரித்து வைத்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது வேறு, இன்சுலின் ஊசி போடுவது வேறு. ஊசி தேவையென்றால் பயிற்சி பெற்றவரையே கேளுங்கள், சம்பளமும் அதற்கேற்ப இருக்கட்டும்.

"தகுந்த சம்பளம்" என்று எழுதும்போது, நல்ல அனுபவமுள்ளவர் அழைக்கவே மாட்டார். தொகையை எழுதுங்கள். எந்தத் தேதியில் தருவீர்கள், விடுமுறை நாளுக்குக் கழிப்பீர்களா என்பதும் அதோடு வர வேண்டும். தீபாவளி, பொங்கல் என்றால் ஊருக்குப் போகத்தான் கேட்பார். அந்த நாட்களில் யார் பார்ப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பகல் மட்டும் வருபவரானால் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து வேலை முடியும் நேரத்தை வைக்க வேண்டும்.

மேலே உள்ள விளம்பரத்தை இப்படித் திருத்தலாம். தொகை உதாரணத்துக்கு மட்டும்:

"ஹட்டன் அருகே, 78 வயதுத் தாயைப் பராமரிக்கத் தங்கி வேலை செய்யும் பெண் தேவை. வயது 25–50. தாய்க்கு இடது பக்கம் பலவீனம், நிறை சுமார் 60 கிலோ. தாங்கிப் பிடித்தால் நடப்பார். தமிழ் மட்டும் பேசுவார். குளிப்பாட்டல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லல், மாத்திரை கொடுத்தல், அவருக்கு மட்டும் சமையல், துவையல். காலை 6 – இரவு 8, மதியம் 2 மணி நேரம் ஓய்வு. இரவில் இரண்டு தடவை எழும்ப வேண்டும். சம்பளம் மாதம் 55,000 ரூபா, மாத முடிவில். மாதம் 4 நாள் சம்பளத்துடன் விடுமுறை. தனி அறை, உணவு உண்டு. ரோட்டிலிருந்து 40 படி. அழைக்க: மாலை 6 – 8."

இதில் வீட்டு விலாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். "அம்மா தனியாக இருக்கிறார்" என்ற வரியும் வேண்டாம். திருடனும் விளம்பரம் வாசிப்பான். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை யாரும் அழைத்து வந்தாலும் எடுக்க வேண்டாம். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பிரதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அட்டையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.