பழைய பெட்ரோல் கார் வாங்கும் முன்: இ20-க்காக ஒரு காலைநேர சோதனை

இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இதைத்தான் இ20 என்கிறார்கள். போன மாதம் நண்பர் ஒருவருக்காக 2012-ம் ஆண்டு கார் ஒன்றைப் பார்க்கப் போனோம். அன்று பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஆர்சியில் தயாரிப்பு மாதம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் பாகங்கள் இ20-ஐத் தாங்கும் வகையில் இருக்கும். அதற்கு முந்தையது என்றால் பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் கார் கையேட்டையும் பாருங்கள். பல பழைய கார்களுக்கு இ10 வரைதான் அனுமதி.

2. இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீங்க சார்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் தடவையிலேயே பிடிக்கிறதா, ஐடிலில் தடுமாறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். சூடேற்றி வைத்த கார் எதையும் காட்டாது.

3. பெட்ரோல் டியூப். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்து மென்மையாக்கும். நாளடைவில் வெடிப்பு விடும். பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் போகும் ரப்பர் டியூபை விரலால் அழுத்துங்கள். கொழகொழவென்றோ, பிசுபிசுப்பாகவோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கிளிப் இருக்கும் இடத்தில் லேசாக வளைத்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். நாங்கள் பார்த்த காரில் கிளிப்பின் அடியில் ஈரம். விரலை முகர்ந்தால் பெட்ரோல் வாடை. டியூபை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கும்.

4. எத்தனை மாதம் நின்ற கார்? எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவுமீறினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். ஷெட்டில் பல மாதம் கிடந்த கார் என்றால் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

5. மைலேஜ் கணக்கு. "எத்தனாலால் 16 கொடுத்த வண்டி 12-க்கு வந்துடுச்சு" என்றார் விற்பவர். கணக்கு உதைத்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதில் 20 சதவீதம் கலந்தால் மொத்த ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறையும். கலப்பில்லாத பெட்ரோலில் 16 கொடுத்த கார் 15 அளவுக்கு வரலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதலாக 4 லிட்டர், அவ்வளவுதான். 12 என்றால் கோளாறு வேறெங்கோ: ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார், பிடித்துக்கொண்ட பிரேக். எங்கள் காரில் பின்சக்கர பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

டியூப், பெட்ரோல் ஃபில்டர், பிரேக் மூன்றுக்கும் மெக்கானிக்கிடம் மதிப்பு கேட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொன்னோம். பாதிக்கு ஒத்துக்கொண்டார். நண்பர் வாங்கிவிட்டார், டியூபை மாற்றிய பிறகுதான் வண்டியை வீட்டுக்கு ஓட்டினோம்.