மொழித் தேர்வில் ஸ்லைடு வைத்து ஐந்து நிமிடம் பேசுவது எப்படி?

மொழித் தேர்வில் தலைப்பு கொடுத்து, நாலைந்து ஸ்லைடோடு பேசச் சொன்னால், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் பண்ணுவதுதான். அதைத்தான் செய்யக் கூடாது. மனப்பாடம் கேட்டவுடனே தெரிந்துவிடும்: வேகம் ஒரே சீராக ஓடும், குரல் ஏறி இறங்காது, ஒரு சொல் மறந்தால் வாக்கியமே அறுந்து, அதன் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பீர்கள். அப்புறம் கேள்வி நேரத்தில் உங்கள் மொழி சட்டென்று இரண்டு படி இறங்கும்போது, முன்னால் பேசியது உங்கள் மொழி இல்லை என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

ஐரோப்பிய கவுன்சிலின் மொழித்திறன் சட்டகத்தில் (B1, B2 என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான்) இதற்கென்றே விவரிப்பு இருக்கிறது. B1 என்றால் பழகிய தலைப்பில் முன்கூட்டியே தயாரித்த எளிய பேச்சைக் கேட்பவர் பெரும்பாலும் சிரமமின்றிப் பின்தொடரும்படி பேச வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், கேள்வி வேகமாக வந்தால் திரும்பச் சொல்லச் சொல்லலாம். B2-வில் தயாரித்ததை விட்டு விலகி, கேட்பவர்கள் எழுப்பும் விஷயத்தைத் தொடர்ந்து பேசவும் தெரிய வேண்டும். அழகான ஸ்லைடு பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஓர் உதாரணத்தோடு போவோம். தலைப்பு: வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா? நேரம் 5 நிமிடம், அதன்பின் கேள்விகள்.

1. ஒரே வாக்கியத்தில் உங்கள் முடிவு

ஸ்லைடைத் திறக்கும் முன் இதைத் தேர்வு மொழியில் எழுதுங்கள்: "அனுபவம் உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லது, புதிதாகச் சேருபவர்களுக்கு நல்லதல்ல." இப்படி ஒரு பக்கம் சாய்ந்த வாக்கியம் இருந்தால் மற்ற எல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும். "நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று வைத்துக்கொண்டால் பட்டியல்தான் வரும், பட்டியலில் உங்கள் இலக்கணத்தைக் காட்ட இடமே இருக்காது. "இருந்தாலும்", "இதனால்தான்", "அப்படியிருந்தால்" போன்ற இணைப்புகள் வாதத்தில்தான் பிறக்கும்.

2. நாலு ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் சில சொற்கள்

முதலாவது தலைப்பு. இரண்டாவது: பயண நேரம், அமைதி. மூன்றாவது: புதியவர், பக்கத்தில் ஆள் இல்லை. நாலாவது உங்கள் முடிவு வாக்கியம். அவ்வளவுதான். ஸ்லைடில் முழு வாக்கியம் இருந்தால் கண் தானாக அங்கே போய்ப் படிக்க ஆரம்பிக்கும். படிக்கும் குரலுக்கும் பேசும் குரலுக்கும் வித்தியாசம் எவருக்கும் தெரியும். கடைசி ஸ்லைடில் "நன்றி" போட வேண்டாம், அதை வாயால் சொல்லிவிடலாம். முடிவு வாக்கியம் திரையில் நின்றால் கேள்விகள் அதைச் சுற்றியே வர வாய்ப்பு அதிகம், நீங்கள் தயாரித்த சொற்களும் கைகொடுக்கும்.

3. மனப்பாடம் செய்ய வேண்டியவை

ஆமாம், கொஞ்சம் மனப்பாடம் தேவைதான். தொடக்கம், ஸ்லைடுகளுக்கு நடுவே வரும் இணைப்புகள், கடைசி வாக்கியம். இவற்றை எழுதி, பிழை திருத்தி, வாய்க்குப் பழக்குங்கள். நடுவில் வருவதைத் திரையிலுள்ள சொற்களை வைத்து அப்போதைக்கப்போது பேசுங்கள்.

தொடக்கம் அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது: வணக்கம், தலைப்பு, அது ஏன் பேசத்தக்கது, எந்த வரிசையில் பேசப்போகிறேன். உதாரணமாக: "வணக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பற்றிப் பேசப்போகிறேன். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுகிறதா என்பதுதான் என் கேள்வி. முதலில் அனுபவசாலிகள், பிறகு புதியவர்கள், கடைசியில் என் முடிவு." இதில் பெயர், ஊர், படிப்பு என்று சுயபுராணம் வேண்டாம், தேர்வில் கேட்டால் ஒழிய.

இணைப்பு வாக்கியங்களில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "அடுத்தது", "அடுத்த ஸ்லைடு" என்று சொல்வது இணைப்பு ஆகாது, அது பொத்தானை அழுத்துவதை அறிவிப்பது. நல்ல இணைப்புக்கு இரண்டு பாதி உண்டு, முன்னதை மூடும் பாதி, அடுத்ததைத் திறக்கும் பாதி: "ஆக, அனுபவம் உள்ளவருக்கு நேரமும் அமைதியும் கிடைக்கிறது. ஆனால் நேற்று வேலையில் சேர்ந்தவருக்கு இதே அமைதி என்ன செய்யும்?" இதைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்லைடை மாற்ற வேண்டும். முதலில் மாற்றினால் கேட்பவர்கள் புதிய திரையைப் படிக்கப் போய்விடுவார்கள், நீங்கள் சொன்ன இணைப்பு காற்றில் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு இப்படி மூன்று இணைப்பு போதும், அதற்கு மேல் போனால் வழிகாட்டிப் பலகை மட்டும் உள்ள சாலை மாதிரி ஆகிவிடும்.

4. ஒத்திகை

ஃபோனில் பதிவு செய்து பேசிப் பாருங்கள். இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் நடுப்பகுதி வாக்கியங்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றாகவே இருந்தால் உங்களை அறியாமல் மனப்பாடம் ஆகிவிட்டது, திரைச் சொற்களின் வரிசையை மாற்றிப் பேசுங்கள். மூன்றாவது ஸ்லைடு எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குத் தாமதமாக வந்தால் ஓர் உதாரணத்தை விட்டுவிடுங்கள், முடிவை விடாதீர்கள்.

5. கேள்வி நேரம்

கேள்வி முழுதாக முடியட்டும். பிறகு முதல் வாக்கியத்திலேயே பதில், அடுத்து காரணம், ஓர் உதாரணம், நிறுத்தம். நிறுத்துவதுதான் கஷ்டம், பதில் முடிந்த பிறகும் பேசிக்கொண்டே போவதில்தான் பிழைகள் குவியும்.

"அப்படியானால் புதியவர்கள் தினமும் அலுவலகம் வர வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்டால்: "தினமும் இல்லை. முதல் சில மாதங்கள் மட்டும். சந்தேகம் வந்தால் உடனே கேட்க பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். வேலை பழகியபின் வீட்டிலிருந்து பார்க்கலாம்." இதுவே போதும்.

கேள்வி புரியவில்லை என்றால் "மன்னிக்கவும்?" என்று மட்டும் சொல்லாமல், எது புரியவில்லை என்று சொல்லுங்கள்: "புதியவர்களுக்கு ஆகும் செலவைப் பற்றிக் கேட்கிறீர்களா?" இப்படிக் கேட்பதும் மொழித்திறன்தான், ஊடாடல் என்ற தனித் தலைப்பின் கீழ் மதிப்பிடப்படலாம். ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால் சுற்றி விளக்குங்கள், தாய்மொழிக்குத் தாவ வேண்டாம். தகவலே தெரியாத கேள்வி வந்தால் எண்களை இட்டுக்கட்டத் தேவையில்லை: "அந்தப் புள்ளிவிவரம் எனக்குத் தெரியாது, ஆனால் என் அனுபவத்தில்..." என்று உங்களுக்குத் தெரிந்த பக்கம் திருப்பலாம். ஒவ்வொரு கேள்விக்கும் "நல்ல கேள்வி" என்று சொல்லாதீர்கள், இரண்டாவது முறையே அது நேரம் கடத்துவது போலத்தான் கேட்கும்.

தேர்வுக்கு முன் நண்பர் ஒருவரிடம் உங்கள் நாலாவது ஸ்லைடை மட்டும் காட்டி, அதை மறுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.