கீறிய கோட்டில் முளைக்கும் திட்டு: கோப்னர் விளைவில் நேரும் தவறுகள்

சொரியாசிஸ் உள்ளவரின் கையில் முள் கிழித்தால், காயம் ஆறிய அதே கோட்டில் செதில் திட்டு எழலாம். வெண்புள்ளி உள்ளவருக்கு அந்தக் கோடு வெளுத்துப்போகலாம். ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிச் கோப்னர் 1870-களில் இதை விவரித்தார். அவரிடம் வந்த சொரியாசிஸ் நோயாளி ஒருவருக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் திட்டுகள் வந்திருந்தன.

தோல் மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்கள், நாங்கள் அந்த வயதில் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். ‘சொறியாதீர்கள்’ என்று சொல்ல மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

நேற்றைய காயத்தைத் தேடுவது

திட்டு பெரும்பாலும் காயம் பட்டு 10 முதல் 20 நாள்களுக்குள் தலைகாட்டும்; சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்குள் காயத்தை நோயாளி மறந்திருப்பார். “சமீபத்தில் அடிபட்டதா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

செதிலைச் சுரண்டி எடுப்பது

கூடாது. களிம்பால் ஊறவைத்துத் தானாக உதிரவிடுங்கள்.

நோய் அடங்கியதா என்று பாராமல் ஒட்டு வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். வெண்புள்ளிக்குச் செய்யும் எளிய அறுவையில், தொடை அல்லது பிட்டத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத் தோல் துண்டுகளைத் துளைத்தெடுத்து, வெளுத்த இடத்தில் துளையிட்டுப் பதிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் நிறம் சுற்றிலும் பரவ வேண்டும். நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால், ஒவ்வொரு துளையும் ஒரு காயம். ஒவ்வொரு காயமும் புதிய வெண்புள்ளிக்கு அழைப்பு.

ஓர் இளம்பெண்ணுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு வெண்திட்டு. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்ததால் அவசரம். “கடந்த ஒரு வருடத்தில் புதிதாக ஏதாவது வந்ததா?” என்று மருத்துவர் கேட்டார், அவர் இல்லை என்றார். பொய்யில்லை. முகத்தையும் கைகால்களையும் மனத்தில் வைத்துச் சொன்ன பதில் அது. இடுப்பை யாரும் பார்க்கவில்லை. பாவாடை நாடா இறுகும் தடத்தில் சில மாதங்களாகவே ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டுகள் முதல் சில வாரங்கள் நிறத்தோடு இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெளுத்தன. திட்டின் ஓரம் வெளியே நகர்ந்தது. துண்டு எடுத்த தொடையிலும் துளைக்கொன்றாக வெள்ளைப் புள்ளிகள் முளைத்தன. ஓரிடத்தைச் சரிசெய்ய வந்தவர் ஈரிடப் பாதிப்போடு என்னிடம் வந்தார். நாடாவைத் தளர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் போதாதா?

குறைந்தது ஒரு வருடமாகப் புதிய திட்டு, பழைய திட்டின் வளர்ச்சி, கோப்னர் தடம் ஆகிய மூன்றும் இல்லாதிருந்தால்தான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பழைய புகைப்படங்களோடு ஒப்பிடுங்கள். இடுப்பு, உள்ளாடைப் பட்டை அழுத்தும் தோள், செருப்பு வார் உரசும் பாதம், பழைய தழும்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். இருட்டறையில் வுட்ஸ் விளக்கின் ஒளியில், கண்ணுக்குத் தப்பும் வெளுப்பும் துலங்கும். ஓரம் மங்கி, முழு வெள்ளைக்கும் இயல்பான நிறத்துக்கும் நடுவில் இன்னொரு நிறம் தெரிந்தாலோ, ஓரத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் சிதறியிருந்தாலோ நோய் இன்னும் ஓடுகிறது என்று பொருள். அப்போது மருந்தாலும் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையாலும் முதலில் அதை அடக்க வேண்டும்.

ஐயம் இருந்தால் நாலைந்து துண்டுகளை மட்டும் பதித்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கலாம். ஒட்டைச் சுற்றி ஒரு மில்லிமீட்டராவது நிறம் பரவி, துண்டு எடுத்த இடமும் வெளுக்காமல் இருந்தால் மேலே தொடரலாம். இந்தச் சோதனையும் வாழ்நாள் உத்தரவாதம் அல்ல; அடங்கிய நோய் பின்னர் மறுபடி கிளம்பலாம். ஆனால், சோதனை தவறினால் இழப்பு நாலைந்து புள்ளிகளோடு நிற்கும்.

பச்சை குத்தி வெண்திட்டை மறைப்பது

நோய் ஓடும்போது ஊசியே எதிரி.

மருவையும் இதே கணக்கில் சேர்ப்பது

தாடைப் பகுதியில் மருக்கள் வரிசையாக நின்றால் அதுவும் பார்வைக்குக் கோப்னர் போலவே இருக்கும். ஆனால் இங்கே நடப்பது வேறு: சவரக்கத்தி ஒரு மருவிலிருந்து வைரஸை அள்ளி, தான் கீறிய தடமெங்கும் விதைக்கிறது. இதைப் போலிக் கோப்னர் என்போம். சொரியாசிஸிலும் வெண்புள்ளியிலும் விதைக்க எந்தக் கிருமியும் இல்லை. நோய் அடுத்தவருக்கு ஒட்டாது. இரண்டையும் குழப்பி, வெண்புள்ளிக்காரரிடம் ‘துவாலையைத் தனியாக வையுங்கள்’ என்று சொன்ன பயிற்சி மருத்துவரைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிவுரை மருக்காரருக்கு உரியது. அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மரு குணமாகும்வரை அந்த இடத்தில் சவரம் வேண்டாம், தாடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டிக்கொள்ளட்டும்.