முதல் டூல் கிட் வாங்கும்போது செய்யும் தவறுகள்

புது வீட்டுக்குக் குடிபோனதும் பலர் வாங்குவது, நூறு உருப்படிக்கு மேல் அடுக்கிய பெட்டி. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பெரும்பகுதி குட்டிக் குட்டி பிட்டுகளும் சாக்கெட்டுகளும்தான். வீட்டில் கை போவது ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், சுத்தியல், அளக்கும் டேப் ஆகியவற்றின் பக்கம்தான். இவற்றைத் தனித்தனியாக வாங்குவதே நல்லது.

எல்லாவற்றிலும் மலிவானதையோ எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததையோ எடுப்பது அடுத்த தவறு. சுத்தியலும் டேப்பும் சாதாரண ரகமே போதும். ஸ்க்ரூ டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவான இரும்பின் முனை சில தடவையிலேயே மழுங்கிவிடும். அப்புறம் அது ஸ்க்ரூவின் பள்ளத்தில் பிடிக்காமல் வழுக்கி, தலையையே தேய்த்துவிடும். தலை தேய்ந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது பெரிய பாடு. கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றை வாங்கி முனையில் பொருத்தி ஆட்டினால், ஆட்டம் இல்லாமல் இறுக உட்கார வேண்டும். வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் PH2 அளவு ஸ்டார் முனை பொருந்தும், சின்ன ஸ்க்ரூவுக்கு PH1. இதற்கு டாப்பரியா போன்ற நடுத்தர விலை பிராண்டே தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம், நாள் முழுக்க டூல் பிடிப்பவருக்குத்தான் பயன்படும்.

பிளேயரில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் கரண்ட் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். சாதாரண பிளேயரில் அது வெறும் பிடிமானத்துக்குத்தான். மின்சாரத்துக்கான உறையில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 V என்ற எழுத்தும் இருக்கும். அது இருந்தாலும் மெயினை அணைத்த பிறகே ஒயரைத் தொடுங்கள். அணைந்துவிட்டதா என்று பார்க்கும் முன், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த வேறொரு பாயின்ட்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பழுதான டெஸ்டரும் எரியாதுதான்.

டிரில்லிங் மெஷினை முதல் மாதமே வாங்க அவசரப்பட வேண்டாம். வாங்கினால் 500 வாட் அளவில் இம்பாக்ட் வசதியுள்ள மெஷின் செங்கல் சுவருக்குப் போதும். மெஷினில் மிச்சம் பிடித்தாலும் கார்பைடு முனை பிட்டை நல்லதாக வாங்குங்கள், துளை போடுவது அதுதான். ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். பெரிய பிட் போட்டால் பிளக் சுவரில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்க்ரூ இறுகாது. செங்கலில் செம்மண் நிறத் தூள் சீராக வரும். சாம்பல் தூள் கொஞ்சமாக வந்து, பிட் உள்ளே போகாமல் சூடேறினால் நீங்கள் நிற்பது கான்கிரீட் பீமில். அழுத்திப் பயனில்லை, பிட் முனைதான் கருகும். அதற்கு ரோட்டரி ஹாமர் தேவை. ஓரிரு துளைக்காக அதை வாங்காமல் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.