இருபது வில்லை, நான்கு கோரிக்கை: வகுப்பறையில் ஓர் ஊர்மன்றக் கூட்டம்

குடிமையியல் பாடத்துக்காக நான் முதன்முதலில் எழுதிய நாடகத்தில் ஒவ்வொருவரும் பேச வேண்டியதை வரி வரியாக எழுதிக் கொடுத்திருந்தேன். மாணவர்கள் மனப்பாடம் செய்து அழகாகவே பேசினார்கள். முடிந்தபின், "மன்றத்திடம் எவ்வளவு பணம் இருந்தது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முடிவை நானே எழுதிவிட்டதால், கணக்குப் பார்க்க அவர்களுக்குத் தேவையே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வசனங்களை எழுதுவதை நிறுத்திவிட்டேன். பணம் எவ்வளவு, யாருக்கு என்ன வேண்டும், கூட்டம் எந்த முறையில் நடக்கும் என்ற மூன்றை மட்டும் எழுதுகிறேன். முடிவு அவர்களுடையது. முதன்முறையாக முயல்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி, நான் நடத்தும் ஒரு கூட்டத்தை இங்கே முழுவதும் தருகிறேன்.

படி 1: பணத்தைக் கையில் எடுக்கும் பொருளாக்குங்கள்

பழைய அட்டையை வெட்டி 20 வட்ட வில்லைகள் செய்யுங்கள். இதுதான் ஊரின் இந்த ஆண்டுப் பட்ஜெட். உண்மையான பணத்தொகையைப் போட்டால், "இந்த விலைக்குக் கிடைக்குமா" என்று பேச்சு திசைமாறிவிடும். வில்லையில் அந்தச் சிக்கல் இல்லை.

கோரிக்கைகள் நான்கு. அடிகுழாயைப் பழுதுபார்க்க 9 வில்லை. தெருவில் தேங்கும் மழைநீருக்கு வடிகால் வெட்ட 10. படிப்பகத்தின் ஒழுகும் கூரையை மாற்ற 8. ஆறு தெருவிளக்குகளுக்கு, ஒன்றுக்கு 1 வீதம், 6. மொத்தம் 33.

இந்த எண்களை யோசித்துத்தான் அமைத்திருக்கிறேன். எந்த இரண்டு கோரிக்கையையும் முழுதாக நிறைவேற்றலாம். மிகக் குறைந்த செலவுள்ள மூன்றைச் சேர்த்தாலும் 23 ஆகிவிடும் என்பதால் மூன்று முடியாது. உங்கள் வகுப்புக்கு வேறு கோரிக்கைகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தத் தேவை பட்ஜெட்டைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் விவாதமே எழாது. மிகவும் மேலே போனால் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விதியையும் பலகையில் எழுதிவிடுங்கள்: விளக்கை மட்டும்தான் பிரிக்கலாம். மற்ற மூன்றையும் முழுதாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் செய்யவே கூடாது. எந்த வகுப்பிலும் யாராவது ஒருவர் முதல் ஐந்து நிமிடத்துக்குள் "எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிடலாம்" என்பார். அவரைத் தடுக்காதீர்கள். வில்லைகளை நான்கு குவியலாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். குவியலுக்கு ஐந்து வரும். அடிகுழாய்க்கு நான்கு குறைகிறது, வடிகாலுக்கு ஐந்து, கூரைக்கு மூன்று. ஐந்து விளக்குகள் எரியும். மீதிப் பதினைந்து வில்லைகள் மேசையில் சும்மா கிடக்கும். அந்தக் குவியல்களைப் பார்த்தபடி வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். உண்மையான விவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

படி 2: பாத்திர அட்டைகள்

முப்பது பேர் கொண்ட வகுப்பு என்றால் ஏழு பேர் மன்ற உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் தலைவர். வாக்கு இல்லாத செயலர் ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர். மீதி இருபத்தொரு பேரும் ஊர்மக்கள். நான்கு குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கொரு கோரிக்கையை மனுவாக எழுதுவார்கள்.

ஒவ்வோர் உறுப்பினருக்கும் நான்கு வரியில் ஓர் அட்டை. பள்ளத்தெரு உறுப்பினரின் அட்டை இது:

> வேண்டுவது: வடிகால்.
> காரணம்: மழை பெய்தால் எங்கள் தெருவில் பாதை எது, வாசல் எது என்று தெரியாது.
> விட்டுக்கொடுக்கக்கூடியது: எங்கள் தெருவுக்கு விளக்கு அடுத்த ஆண்டு வந்தாலும் போதும்.
> ஏற்க முடியாதது: பாதி வடிகால். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும்.

முதல் இரண்டு வரிகளை யாரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவது வரியில்தான் நீங்கள் நேரம் செலவிட வேண்டும். அது இல்லாத அட்டையை வாங்கிய மாணவர் தன் கோரிக்கையையே திரும்பத் திரும்பச் சொல்வார், கூட்டம் கூச்சலாகிவிடும். விட்டுக்கொடுக்க ஏதாவது கையில் இருந்தால், அதற்குப் பதிலாக என்ன கேட்கலாம் என்று அவரே தேடத் தொடங்குவார்.

ஊர்மக்களில் ஒருவருக்கு மட்டும் தனி அட்டை ஒன்றை மடித்துக் கொடுங்கள்: "மூன்று விளக்குகளுக்கு ஆண்டுக்கு 1 வில்லை மின்கட்டணம். யாராவது பராமரிப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்லவும்." பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமலே கூட்டம் முடிந்தால் விட்டுவிடுங்கள்; கடைசிப் படியில் அது தேவைப்படும்.

பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் வராத பிள்ளையைக் கூப்பிட்டு "நீதான் இதற்குச் சரியான ஆள்" என்று அடிகுழாய் கேட்க வைக்காதீர்கள். தன் வீட்டுக் கஷ்டத்தை வகுப்பின் முன்னால் நடித்துக் காட்டும் நிலைமை அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும்.

படி 3: பிரதி

எழுதிக் கொடுக்க வேண்டியது கூட்டத்தின் எலும்புக்கூடு மட்டுமே. அடைப்புக்குறி வரும் இடங்களில் மாணவர்கள் அட்டையைப் பார்த்துத் தங்கள் சொல்லில் பேசுவார்கள்.

> தலைவர்: அனைவருக்கும் வணக்கம். மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள். நான்கு பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். செயலர் அவர்களே, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?
>
> செயலர்: ஏழு பேரும் வந்திருக்கிறார்கள், தலைவர் அவர்களே. மன்றத்தின் கையிருப்பு இருபது வில்லைகள். வந்துள்ள மனுக்கள் நான்கு. மொத்தத் தேவை முப்பத்து மூன்று.
>
> தலைவர்: மனுதாரர்கள் ஒவ்வொருவராக வரலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
>
> *(நான்கு குழுக்களும் பேசுகின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்.)*
>
> தலைவர்: இனி உறுப்பினர்கள் பேசலாம். தீர்மானம் யாராவது முன்மொழிகிறீர்களா?
>
> பள்ளத்தெரு உறுப்பினர்: தலைவர் அவர்களே, அடிகுழாய்க்கு ஒன்பது, வடிகாலுக்குப் பத்து என்று முன்மொழிகிறேன். *(காரணத்தைச் சொல்கிறார்.)*
>
> மேட்டுத்தெரு உறுப்பினர்: வழிமொழிகிறேன். ஒரு திருத்தம்: மிச்சமுள்ள ஒரு வில்லையில் அடிகுழாய் அருகே ஒரு விளக்குப் போடலாம்.
>
> *(விவாதம்: பதினைந்து நிமிடம்.)*
>
> தலைவர்: முதலில் திருத்தத்துக்கு வாக்கு. பிறகு தீர்மானத்துக்கு.

முதல் தீர்மானத்தை இப்படி எழுதிக் கொடுப்பது தயக்கத்தை உடைப்பதற்காக மட்டும். அது தோற்றாலும் நல்லதே. வேறொரு தீர்மானம் வரும். திருத்தத்துக்கு முதலில் வாக்கெடுக்கும் முறையை மாற்றாதீர்கள். எதற்கு வாக்களிக்கிறோம் என்பது முடிவாகாமல், அதை ஏற்பதா வேண்டாமா என்று எப்படிச் சொல்வது?

நாற்பத்தைந்து நிமிட வகுப்புக்குத் தொடக்கம் ஐந்து, மனுக்கள் பன்னிரண்டு, விவாதம் பதினைந்து, வாக்கு ஐந்து, மீதி எட்டு நிமிடம் பாத்திரத்தைக் களைந்துவிட்டுப் பேச. அந்த எட்டு நிமிடத்தை எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தலைவர் தன் விருப்பத்தைப் பேசத் தொடங்கினால் கூட்டம் தடம் புரள்கிறது என்று பொருள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரையே பார்த்துப் பேசுவார்கள். அதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். நிறுத்தாதீர்கள். "பேச வேண்டுமானால் நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பேசவும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்டுங்கள்.

படி 4: வாக்கெடுப்பு வரிசை

மறுநாள் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். இருபது வில்லையும் தீர்ந்துவிடும் மூன்று திட்டங்களைப் பலகையில் எழுதுங்கள்.

அ: அடிகுழாய், கூரை, மூன்று விளக்கு.
ஆ: அடிகுழாய், வடிகால், ஒரு விளக்கு.
இ: வடிகால், கூரை, இரண்டு விளக்கு.

இந்த முறை உறுப்பினர்களின் விருப்ப வரிசையை நீங்களே சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்று பேருக்கு அ, ஆ, இ. இரண்டு பேருக்கு ஆ, இ, அ. மற்ற இரண்டு பேருக்கு இ, அ, ஆ. வகுப்பை மூன்று மன்றங்களாகப் பிரித்து, மூன்றிலும் அதே சீட்டுகளைக் கொடுத்து, தலைவர்களிடம் மட்டும் வெவ்வேறு வரிசையைச் சொல்லுங்கள்.

முதல் மன்றத்தில் அ-வுக்கும் ஆ-வுக்கும் முதல் போட்டி. ஐந்துக்கு இரண்டு என்று அ வெல்லும். பிறகு இ-யிடம் நான்குக்கு மூன்றில் தோற்கும். தீர்மானம் இ. இரண்டாவது மன்றத்தில் ஆ-வும் இ-யும் முதலில் மோதட்டும்: ஆ வெல்லும், அடுத்து அ-விடம் தோற்கும். தீர்மானம் அ. மூன்றாவதில் இ, அ என்று தொடங்கினால் கடைசியில் ஆ நிற்கும். அதே ஏழு விருப்பங்கள், ஒரு வாக்குகூட மாறவில்லை. மூன்று ஊர்களுக்கு மூன்று முடிவுகள்! எதைக் கடைசியில் கொண்டுவந்தார்களோ அது வென்றது.

பெரும்பான்மை வாக்கு இப்படி வட்டமாகச் சுற்றக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785இல் எழுதினார். அந்தப் பெயரை முதலிலேயே சொல்லாதீர்கள். மூன்று மன்றங்களும் முடிவைப் பலகையில் எழுதியபின், "யார் ஏமாற்றினார்கள்?" என்று கேளுங்கள். சீட்டுகளைச் சரிபார்த்து, யாரும் ஏமாற்றவில்லை என்று அவர்களே சொன்ன பிறகு சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி, அப்படியானால் என்ன செய்வது என்பது. முதல் விருப்பத்துக்கு 2, இரண்டாவதுக்கு 1, மூன்றாவதுக்கு 0 என்று புள்ளி போட்டுக் கூட்டிப் பார்க்கலாம்: அ-வுக்கு 8, ஆ-வுக்கு 7, இ-க்கு 6. இதுதான் சரியான விடை என்று சொல்லிவிடாதீர்கள். இ-யை அ-வைவிட விரும்பிய நான்கு பேர் அந்த அறையில் இருக்கிறார்கள். எந்த முறையாக இருந்தாலும், விருப்பங்கள் வெளியே தெரிவதற்கு முன்பே மன்றம் அதை முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

படி 5: குறிப்பேடும் அடுத்த ஆண்டும்

செயலர் எழுதும் தீர்மானத்தில் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதற்கு எத்தனை வில்லை, ஆதரவும் எதிர்ப்பும், நிறைவேறாத மனுக்கள். கடைசி விவரத்தைத்தான் எல்லாச் செயலர்களும் விட்டுவிடுகிறார்கள். வாசித்துக் காட்டும்போது தோற்ற குழுவினர் தங்கள் மனு எழுதப்பட்டிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பதைக் கவனியுங்கள். இல்லையென்றால் எழுந்து கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்த வாரம் அதே குறிப்பேட்டோடு இரண்டாம் ஆண்டின் கூட்டத்தைத் தொடங்குங்கள். இருபது வில்லைகளைத் தலைவரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, மடித்த அட்டை வைத்திருப்பவரை எழுந்து படிக்கச் சொல்லுங்கள். மூன்று விளக்குகள் போட்ட மன்றம் மனுக்களைக் கேட்கும் முன்பே ஒரு வில்லையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறும் போட்டிருந்தால் இரண்டு.