கடன் செயலி: ‘மறைமுகக் கட்டணம் இல்லை’ என்ற வரியில் தொடங்கும் தவறுகள்

சிறுகடன் செயலிக்கு பிராண்ட் உருவாக்க உட்காரும் குழு பெரும்பாலும் முதலில் எழுதுகிற வரி இதுதான்: ‘மறைமுகக் கட்டணம் இல்லை’. ஏற்கெனவே ஒரு செயலியில் ஏமாந்தவர் இதைப் படித்ததும் நிம்மதி அடைவதில்லை, எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடத்தான் தொடங்குகிறார். பணம் வாங்கும் வரை அந்த வாக்கைச் சரிபார்க்க அவரிடம் வழி எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 30 நாளுக்கு 10,000 கடன் கேட்கிறார். விளம்பரத்தில் ‘மாதம் 2 சதவீதம்’ என்று இருந்தது, அதாவது வட்டி 200. ஆனால் அவர் கணக்கில் வந்தது 9,300. பரிசீலனைக் கட்டணம் 600, காப்பீடு 100 என்று முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். திருப்பிக் கட்ட வேண்டியதோ 10,200. ஆக, கையில் வந்த 9,300-க்கு ஒரு மாதச் செலவு 900. மாதத்துக்கு 9.7 சதவீதம், ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 118 சதவீதம். விளம்பரம் அவர் மனதில் பதித்தது 24.

நிறுவனத்தைக் கேட்டால், எல்லாம் நிபந்தனைகள் பக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். அது உண்மைதான். ‘கேட்டது பத்தாயிரம், 700 பிடிச்சிட்டாங்க’ என்று அவர் சொல்வதும் உண்மைதான். எழுதிவைத்ததைக் கொண்டு வழக்கில் ஜெயிக்கலாம், அவருடைய நம்பிக்கையை ஜெயிக்க முடியாது. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது: அவருக்குத் தேவைப்பட்டது சரியாகப் பத்தாயிரம். குறைந்த 700-க்கு அவர் இன்னொரு செயலியைத் திறக்கிறார்.

அதனால் நேர்மையை வாசகத்தில் வைக்காமல் தொகையில் வைக்க வேண்டும். என் கருத்தில், முன்கூட்டிப் பிடிக்கும் வழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது. கேட்ட 10,000 முழுசாகக் கையில் போகட்டும், செலவெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கட்டுவது 10,900 என்று முதல் திரையிலேயே இருக்கட்டும். கையில் வருவது, திருப்பிக் கட்டுவது, கட்ட வேண்டிய நாள் ஆகிய மூன்றும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். விளம்பரம், ஒப்பந்தம், குறுஞ்செய்தி, நினைவூட்டல் எல்லாவற்றிலும் இதே மூன்று, இதே சொற்களில், இதே வரிசையில் வந்தால் அதுவே அந்தச் செயலியின் முகம். லோகோவும் நிறமும் அதற்குப் பிறகுதான். காப்பீடு வேண்டுமென்றால் வாடிக்கையாளரே டிக் செய்யட்டும். முன்பே டிக் போட்டு வைத்திருப்பது ஒளித்துவைத்த கட்டணமேதான்.

அடுத்த தவறு, கடன் கொடுக்கும் திரையை மட்டும் அழகாக்கிவிட்டுத் தாமதக் கட்டணத்தை மறந்துவிடுவது. நாளுக்கு 50 என்பது சின்னத் தொகையாகத் தெரியும். 40 நாள் தள்ளிப்போனால் 2,000, அசலில் ஐந்தில் ஒரு பங்கு. மக்கள் உண்மையில் பயப்படுவது இந்த முடிவில்லாத ஏற்றத்துக்குத்தான். அதற்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். ‘எவ்வளவு தாமதமானாலும் தாமதக் கட்டணம் 500-ஐத் தாண்டாது’ என்று கடன் எடுக்கும் முன்பே காட்டுங்கள். இது அவர் சரிபார்க்கக்கூடிய வாக்கு. வசூலுக்கு அழைப்பவரும் இதே கணக்கைத்தான் சொல்ல வேண்டும். திரையில் 10,900 என்று இருக்கும்போது தொலைபேசியில் வேறு தொகை கேட்டால், அதுவரை கட்டியெழுப்பிய நம்பிக்கையெல்லாம் அந்த ஓர் அழைப்பில் இடிந்துவிடும். கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதியே கேட்காதீர்கள். உறவினரை அழைத்து மானத்தை வாங்கிவிடுவார்களோ என்ற பயம், கட்டணப் பயத்தோடு ஒட்டியே வருகிறது.

முழுத் தொகையை முதல் திரையில் காட்டினால் விண்ணப்பங்கள் குறையலாம். அப்போது மார்க்கெட்டிங் குழு பதறி, ‘மாதம் 2 சதவீதம்’ என்பதைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கும். அந்த வாரம் விண்ணப்ப எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. பணம் போய்ச் சேர்ந்த அன்று ‘ஏன் குறைவா வந்திருக்கு?’ என்று கேட்டு வந்த அழைப்புகள் எத்தனை, முதல் கடனைச் சரியாகக் கட்டியவர்களில் அடுத்த தேவைக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 900 செலவை வெளிப்படையாகக் காட்டவே கூச்சமாக இருந்தால், கோளாறு பிராண்டில் இல்லை, விலையில் இருக்கிறது. எந்த வடிவமைப்பாளராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். செயலியைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் கடன் திரையைக் காட்டி, கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேளுங்கள்: ‘கையில் எவ்வளவு வரும்? எவ்வளவு கட்டணும்? ஒரு வாரம் தள்ளிப்போனா எவ்வளவு கூடும்?’ ஒருவர் தடுமாறினாலும் அந்தத் திரை இன்னும் தயாராகவில்லை.