உதடு பாட்டை முந்துகிறதா? இரண்டு ஃபிரேம் தள்ளிப் பாருங்கள்

பெங்களூரில் நம்ம பசங்க எடுக்கிற பாட்டு வீடியோக்களில் அடிக்கடி பார்க்கிறேன், குளோசப் கச்சிதமாக இருக்கும், லாங் ஷாட் வந்ததும் உதடு பாட்டைவிட ஒரு துளி முந்திப் போகும். பாடகியைத் திட்டாதீர்கள், தப்பு பெரும்பாலும் சிங்க் செய்த விதத்தில்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் ஷூட் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு ஓடும் ஸ்பீக்கர் பாடகியின் காலடியில், அதைக் கேட்டு அவர் உதடசைக்கிறார், கேமரா 28 மீட்டர் தள்ளி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும் என்பதால் கேமரா மைக்கை எட்ட சுமார் 82 மில்லிநொடி ஆகிறது, நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோவில் அது கிட்டத்தட்ட 2 ஃபிரேம். சாஃப்ட்வேர் அந்தத் தாமதமான ஒலியை ஒரிஜினல் டிராக்கோடு பொருத்தும்போது படமும் சேர்ந்து 2 ஃபிரேம் முன்னால் வந்துவிடும். கிளிப்பை டைம்லைனில் 2 ஃபிரேம் வலப்பக்கம் தள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரிபார்க்க 'ப' வரும் சொல்லைத் தேடுங்கள், 'அப்பா' மாதிரி. அலைவடிவத்தில் சின்ன மௌனம், உடனே ஒரு வெடிப்பு. மௌனத்தில் உதடு மூடியிருக்கணும், வெடிப்பில் பிரியணும். டேக்கின் தொடக்கம், முடிவு இரண்டிலும் பாருங்கள். இரண்டிலும் சரியாக இருந்து நடுவில் ஒரு வரி மட்டும் பிசகினால் அது பாடியவர் தடுமாறிய இடம். அப்போது கிளிப்பை நகர்த்தாமல், அந்த வரிக்கு வேறு டேக் போடுங்கள், வெட்டை அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது.